இலவசத் துறைமுகமும் இல்லாத இன்சூரன்ஸும்: நாலு இத்தாலிய வார்த்தைகளின் கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு பேப்பரோட கதை. என் சித்தப்பா ராணிப்பேட்டையில் தோல் டேனரி வைத்திருக்கிறார். போன வருஷம் இத்தாலியிலிருந்து ஒரு ஷேவிங் மெஷின் வாங்கினார். பதப்படுத்திய தோலை ஒரே கனத்துக்குச் சீவிக் கொடுக்கிற மெஷின் அது. மெஷின் செய்தவர்கள் இருப்பது சாந்தா குரோச்சே என்கிற ஊரில். டஸ்கனி மாகாணத்தில் ஆர்னோ நதிக்கரையில் இருக்கிறது. அதுவும் டேனரி ஊர்தான், இத்தாலியின் ராணிப்பேட்டைன்னு வச்சுக்கங்க.

மெஷின் கிளம்பின பிறகு பேப்பர்கள் மெயிலில் வந்தன. சித்தப்பா ஆபீஸ் அக்கவுன்டன்ட் பொறுப்பான மனுஷன். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இத்தாலிய வார்த்தை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தையை எழுதிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சித்தப்பா அதை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ படிச்சவன், இது என்னன்னு பாரு."

பார்த்தேன். முதல் வரி: "சரணாகதி: இலவசத் தொழிற்சாலை." இரண்டாவது வரி: "துறைமுகம்: இலவசம்." மூன்றாவது, சப்ளையர் எழுதிய மெயிலில்: "சரக்குப் பாலிசி தயார், மூன்று ஒரிஜினல்."

சிரிச்சிட்டேன். சித்தப்பா சிரிக்கல. "பாலிசி தயார்னு போட்டிருக்கே, அப்போ இன்சூரன்ஸ் ஆயிடுச்சுல்ல?"

ஆகலை. கப்பல் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் மெஷின் எந்தக் காப்பீடும் இல்லாமல் கடலில் போய்க்கொண்டிருந்தது.

டிக்‌ஷனரி பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயமே. அந்த மூன்று வரியிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுதிய அர்த்தம் அகராதியில் இருக்கிறது. ஆனாலும் மூன்று வரியும் தப்பு. ஏன் என்று தேடிக்கொண்டு போனால் அறுநூறு வருஷம் பின்னால் போய் நிற்கிறோம்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த மூட்டைகள்

சாந்தா குரோச்சேயிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிராத்தோ என்று ஒரு ஊர். அங்கே 1335 வாக்கில் பிறந்தவர் பிரான்செஸ்கோ தத்தினி. 1348ல் ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோயில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தார். பிழைப்பு தேடி பிரான்ஸில் இருக்கும் அவிஞ்ஞோனுக்குப் போய், வியாபாரத்தில் பெரிய ஆளாகி, ஊருக்குத் திரும்பி 1410ல் இறந்தார். மனைவி வழியில் குழந்தை வாரிசு கிடையாது, சொத்தை ஏழைகளுக்கு எழுதி வைத்தார்.

இவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பேப்பரையும் தூக்கிப்போட மாட்டார். அவர் செத்து நானூற்று அறுபது வருஷம் கழித்து, 1870ல், அவருடைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு மூலையில் மூட்டை மூட்டையாக அவருடைய காகிதங்கள் கிடைத்தன. சுமார் ஒன்றரை லட்சம் கடிதங்கள், ஐந்நூறுக்கும் மேல் கணக்குப் புத்தகங்கள், நானூறு இன்சூரன்ஸ் ஒப்பந்தங்கள், சரக்கு ஏற்றியதற்கான சீட்டுகள் ஆயிரக்கணக்கில். இடைக்கால வியாபாரி ஒருத்தரோட முழு சர்வர் பேக்கப்னு சொல்லலாம்.

இவ்வளவு பேப்பர் ஏன் தேவைப்பட்டது? அதற்கு முன்னால் சரக்கு போகும் கப்பலிலேயே வியாபாரியும் போவார். மூட்டை தன் கண் முன்னால் இருக்கும்போது ரசீது எதற்கு? தத்தினி காலத்துப் பெரிய வியாபாரி அப்படிப் போவதில்லை. பிராத்தோவிலோ ஃபிளாரன்ஸிலோ உட்கார்ந்துகொண்டு, பார்சிலோனாவில் இருக்கும் தன் ஆளுக்குச் சரக்கு அனுப்புவார். அப்போதுதான் ஒரு கேள்வி வருகிறது. நான் இத்தனை மூட்டை ஏற்றினேன் என்று யார் சாட்சி?

முதல் சாட்சி கப்பலில் இருந்த எழுத்தர். மத்தியதரைக்கடல் கப்பல்களில் சத்தியம் செய்து பதவி ஏற்ற எழுத்தர் ஒருவர் இருப்பார். யார், எத்தனை மூட்டை, என்ன சரக்கு என்று ஒரு பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. பொய்யாக எழுதினால் வலது கையை வெட்டி, நெற்றியில் சூடு போட்டு, சொத்தையும் பறிக்கலாம் என்று அந்தக் காலத்துக் கடல் சட்டத் தொகுப்பு சொன்னது. டேட்டாவைக் கெடுத்தால் என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு.

ஆனால் பதிவேடு கப்பலோடு போய்விடும். கரையில் நிற்கிற வியாபாரியின் கையில் எதுவும் இருக்காது. அதனால் நகல் கேட்க ஆரம்பித்தார்கள். உரிமை உள்ளவர் கேட்டால் பதிவேட்டின் நகலை எழுத்தர் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1397ல் அங்கோனா நகரச் சட்டம் சொன்னது. அந்த நகலைத்தான் இன்றைக்கு நாம் பில் ஆஃப் லேடிங் என்கிறோம், பி.எல். என்று சுருக்கி. இத்தாலியில் அதன் பெயர் பொலிட்ஸா தி காரிகோ.

காலப்போக்கில் அந்த நகல் வெறும் ரசீதாக நிற்கவில்லை. அதை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் சரக்கைக் கேட்கலாம் என்று ஆனது. சரக்கு கடலில் இருக்கும்போதே பேப்பரை விற்கலாம், வங்கியில் அடகு வைக்கலாம். ஒரு கப்பல் மூழ்கலாம், ஒரு தபால்காரரைக் கொள்ளைக்காரன் மறிக்கலாம் என்கிற பயத்தில் ஒன்றுக்கு மூன்றாக எழுதி, வேறு வேறு வழியில் அனுப்பினார்கள். மூன்றில் ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. கொள்ளைக்கார பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சித்தப்பாவுக்கு வந்த "மூன்று ஒரிஜினல்" அதுதான்.

பாலிசின்னா என்ன?

இப்போ பொலிட்ஸா என்கிற வார்த்தைக்கு வருவோம். இதன் வேர் கிரேக்கத்தில் அப்போதெய்க்ஸிஸ், அதாவது நிரூபணம். அது இடைக்கால லத்தீனில் ரசீது என்று மாறி, இத்தாலியில் பொலிட்ஸா ஆனது. அடிப்படை அர்த்தம் ரொம்பச் சாதாரணம்: சான்றுச் சீட்டு. எதற்கான சீட்டு என்பதை அடுத்து வரும் வார்த்தைதான் சொல்லும். தி காரிகோ என்றால் சரக்கு ஏற்றியதற்கான சீட்டு. தி பேஞ்ஞோ என்றால் அடகுச் சீட்டு. தி அஸிகுராட்ஸியோனே என்றால் காப்பீட்டுச் சீட்டு.

கடல் காப்பீட்டு ஒப்பந்தத்தை வளர்த்ததும் இதே 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய வியாபாரிகள்தான். அந்தத் தொழில் வடக்கே போனபோது, பிரெஞ்சு வழியாக இந்த வார்த்தை இங்கிலீஷுக்குப் போய் பாலிசி ஆனது. ஆனால் அங்கே காப்பீட்டு அர்த்தம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. சரக்குச் சீட்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். இங்கிலீஷிலிருந்து நமக்கு. நம்ம வீட்டு பீரோவில் இருக்கிற எல்.ஐ.சி. பாலிசியும், சித்தப்பாவோட பொலிட்ஸாவும் ஒரே வார்த்தைதான். அரசாங்கக் கொள்கையைக் குறிக்கிற பாலிசி வேற, அது நகரம் என்கிற கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது.

ஆக, இத்தாலிய மெயில் சொன்னது: உங்கள் சரக்குச் சீட்டு தயார். அக்கவுன்டன்ட் படித்தது: சரக்கு பாலிசி தயார். சித்தப்பா புரிந்துகொண்டது: இன்சூரன்ஸ் ஆகிவிட்டது. ஒவ்வொருத்தரும் நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காரிகோ என்றால் சுமை. சுமை தலையில் விழுவதற்கும் அதே வார்த்தைதான். "அ காரிகோ தெல் கொம்ப்ராத்தோரே" என்று இருந்தால் "வாங்குபவர் தலையில்" என்று அர்த்தம், அதாவது செலவு அவருடையது. அதைச் "சரக்கு" என்று மொழிபெயர்த்தால், யார் பணம் கட்ட வேண்டும் என்கிற விஷயமே அந்த வரியிலிருந்து காணாமல் போய்விடும்.

இலவசத் துறைமுகம்

இரண்டாவது வரி. மெஷின் தொழிற்சாலையிலிருந்து லாரியில் கிளம்பும்போது கூடவே ஒரு சீட்டு வரும். இத்தாலியில் அதன் பெயர் தொக்குமென்தோ தி த்ராஸ்போர்த்தோ, சுருக்கமாக டி.டி.டி. நம்ம ஊர் டெலிவரி சலான் மாதிரி. அதில் "போர்த்தோ: ஃபிராங்கோ" என்று இருந்தது. மெஷின் கப்பல் ஏறிய துறைமுகம் லிவோர்னோ. போர்த்தோ என்றால் துறைமுகம், ஃபிராங்கோ என்றால் இலவசம். சரிதானே?

வேடிக்கை என்னன்னா, லிவோர்னோ உண்மையிலேயே இலவசத் துறைமுகமாக இருந்த ஊர். 1421ல் ஃபிளாரன்ஸ் அதை ஜெனோவாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1590களில் டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்து முதலாம் ஃபெர்தினாந்தோ, யூதர்கள், ஆர்மீனியர்கள், துருக்கியர்கள், பாரசீகர்கள் என்று எல்லா நாட்டு வியாபாரிகளையும் அங்கே வந்து குடியேறச் சொல்லி அறிக்கை விட்டார். 1676ல் சரக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இருந்த சுங்கவரியையே எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு இத்தாலியில் பெயர் போர்த்தோ ஃபிராங்கோ. இத்தாலி ஒரே நாடாக ஆன பிறகு, 1868ல்தான் அந்தச் சலுகை முடிந்தது.

அந்த லிவோர்னோவுக்கும் சென்னைக்கும் நேரடியாகவே ஒரு சம்பந்தம் உண்டு. மத்தியதரைக்கடல் பவளத்தைப் பட்டை தீட்டி விற்பதில் லிவோர்னோ யூத வியாபாரிகள் பெயர் போனவர்கள். அந்தப் பவளம் லண்டன் வழியாக மதராஸுக்கு வரும், பதிலுக்கு இங்கிருந்து வைரம் போகும். மண்ணடியில் இருக்கும் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் பெயரைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. சித்தப்பாவின் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் அங்கிருந்து நடக்கிற தூரம்.

ஆனால் சித்தப்பாவின் பேப்பரில் இருந்த போர்த்தோவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் கிடையாது. இத்தாலியில் போர்த்தோ என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. ஒன்று துறைமுகம். இன்னொன்று "சுமந்து செல்" என்கிற வினையிலிருந்து வந்தது, அதன் அர்த்தம் சுமைகூலி, வண்டிச்சத்தம். இத்தாலியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸுக்கு போர்த்தோ தார்மி என்று பெயர். ஆயுதங்களின் துறைமுகம்னு யாரும் படிக்க மாட்டாங்க. ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன் இருந்தா, எது கூப்பிடப்படுதுங்கறத சுத்தி இருக்கிற கோடை வச்சுதானே கண்டுபிடிப்போம்? அதே கதைதான்.

போக்குவரத்துச் சீட்டில் போர்த்தோ என்றால் எப்போதுமே சுமைகூலிதான். அங்கே இரண்டு பதில்தான் வழக்கம். போர்த்தோ ஃபிராங்கோ என்றால் கூலியை அனுப்புபவர் கட்டிவிட்டார். போர்த்தோ அஸெஞ்ஞாத்தோ என்றால் பெறுபவர் கட்ட வேண்டும்.

ஃபிராங்கோ என்கிற வார்த்தையும் பயணப்பட்டதுதான். பிராங்க் இனத்தார் பழைய கால் நாட்டை ஜெயித்தபோது, அங்கே முழுச் சுதந்திரத்தோடு இருந்தவர்கள் அவர்கள்தான். அதனால் பிராங்க் என்றாலே கட்டுப்பாடு இல்லாதவன் என்று ஆகி, கட்டணம் இல்லாதது என்று நீண்டது. லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் 1840 வரை இலவசமாகப் போனது, அதற்கு ஃபிராங்கிங் என்று பெயர். நம்ம தபால் கவரில் ஸ்டாம்புக்குப் பதிலாக மெஷினில் குத்தி வரும் அந்த முத்திரை இருக்கே, அதுக்கும் ஃபிராங்கிங்னுதான் பேர். இத்தனைக்கும் அது இலவசமில்லை, அனுப்பினவர் கட்டிவிட்டார் என்பதற்கு அடையாளம்.

ஆக அந்த வரியின் அர்த்தம் இவ்வளவுதான்: தொழிற்சாலையிலிருந்து லிவோர்னோ வரைக்கும் லாரி வாடகை சப்ளையருடையது.

ஒரு வார்த்தை, 6,400 யூரோ

இதைத் தப்பாகப் படித்ததில் என்ன நடந்தது தெரியுமா? "துறைமுகம்: இலவசம்" என்பதை அக்கவுன்டன்ட், சென்னைத் துறைமுகம் வரைக்கும் இலவசம் என்று எடுத்துக்கொண்டார். கப்பல் கூலி கேட்டு ஃபார்வர்டரிடமிருந்து ஒரு பில் வந்திருக்கிறது. சப்ளையர் கட்ட வேண்டியது தப்பாக நமக்கு வந்திருக்கிறது என்று அதை ஓரமாக வைத்துவிட்டார். கிளியரிங் ஏஜென்ட்டுக்குப் போன கட்டில் அந்த பில் இல்லை.

ஏஜென்ட் அனுபவசாலி. பி.எல்.லை எடுத்தார். இன்றைக்குப் பெரும்பாலான பி.எல். இங்கிலீஷில்தான் வரும். அதில் ஃப்ரெய்ட் கலெக்ட் என்று இருந்தது, அதாவது கப்பல் கூலி இறங்கும் இடத்தில் வசூலிக்க வேண்டியது. சித்தப்பாவுக்கு போன் வந்தது. "சார், சப்ளையர் கட்டிட்டாருன்னு சொல்றீங்க, பி.எல். கட்டலைன்னு சொல்லுது. ஃப்ரெய்ட் பில் எங்க?"

இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டில் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. பொருளை ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி முடிக்கிற வரைக்கும் ஆகும் மதிப்பு, அதுதான் எஃப்.ஓ.பி. மதிப்பு. அதோடு இங்கே வந்து சேரும் வரைக்கும் கப்பல் கூலி, இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்த தொகைக்குத்தான் வரி. 2007 சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, கப்பல் கூலி எவ்வளவு என்று உறுதியாகக் காட்ட முடியாவிட்டால், எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தைக் கூலியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125 சதவீதம்.

கணக்கைப் பார்ப்போம். எண்களை வசதிக்காக முழுசாக்கிக்கிறேன். இன்வாய்ஸ் விலை 40,000 யூரோ. லிவோர்னோ வரை லாரி வாடகை அதிலேயே அடக்கம் என்று சப்ளையரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். துறைமுகத்தில் ஏற்றுகூலி 500. ஆக எஃப்.ஓ.பி. 40,500. உண்மையான கப்பல் கூலி 2,000.

ஃப்ரெய்ட் பில்லும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை என்றால்: கூலியாக 8,100, இன்சூரன்ஸாக 455. மொத்த மதிப்பு 49,055 யூரோ. இங்கே ஒரு கொடுமையைக் கவனிங்க. அந்த 455 யூரோ வெறும் கணக்குக்குத்தான். அதுக்கும் சேர்த்து வரி கட்டுவோம், ஆனா மெஷின் கடலில் போனால் ஒரு பைசா வராது.

ஃப்ரெய்ட் பில் இருந்து, நிஜமான இன்சூரன்ஸ் 150 யூரோவுக்கு எடுத்திருந்தால்: 40,500, 2,000, 150. மொத்தம் 42,650. வித்தியாசம் சுமார் 6,400 யூரோ. வரி கணக்கிடும் மதிப்பு அந்த அளவு ஏறிவிடும். இதில் ஐ.ஜி.எஸ்.டி. பங்கைப் பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அடிப்படைச் சுங்கவரியாகப் போனது போனதுதான்.

பில் ஆஃப் என்ட்ரி போடுவதற்கு முன்னாலேயே ஏஜென்ட் பிடித்துவிட்டதால் சித்தப்பா தப்பித்தார். அக்கவுன்டன்ட் மேஜை டிராயரில் இருந்து அந்த பில் வெளியே வந்தது.

சரணாகதி

கடைசியாக முதல் வரி. "ரேஸா: ஃபிராங்கோ ஃபாப்ரிக்கா." ரேஸா என்றால் சரணடைவது என்று ஒரு அர்த்தம் உண்டு. ஒப்படைப்பது என்றும் உண்டு. இத்தாலிய இன்வாய்ஸில் ரேஸா என்று தலைப்பு இருந்தால் அது டெலிவரி நிபந்தனை. இங்கே தடுக்கி விழுவது சுலபம். கப்பல் தொழிலில் சரண்டர் பி.எல். என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. ஒரிஜினல் பி.எல்.லைப் புறப்பட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, இறங்கும் இடத்தில் பேப்பர் காட்டாமல் சரக்கை எடுப்பது. "சரண்டர்" என்று படித்தவர் ஒரிஜினல் தேவையில்லை என்று நினைத்து, கூரியரில் வரும் மூன்று ஒரிஜினலைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் விட்டால், சரக்கு துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறும்.

ஃபிராங்கோ ஃபாப்ரிக்கா என்றால் தொழிற்சாலையே இலவசம் இல்லை. ஃபிராங்கோவுக்கு அடுத்து ஒரு இடத்தின் பெயர் வந்தால், அந்த இடம் வரைக்கும்தான் விற்பவர் செலவு, அதற்கு அப்புறம் வாங்குபவர் செலவு. இங்கே அந்த இடம் தொழிற்சாலை. அதாவது கேட்டிலேயே அவர் பொறுப்பு முடிகிறது. இங்கிலீஷில் எக்ஸ் வொர்க்ஸ். இதே குடும்பத்தில் ஃபிராங்கோ அ போர்தோ, அது எஃப்.ஓ.பி. ஃபிராங்கோ வெட்டோரே என்றால் வாங்குபவர் சொன்ன வண்டிக்காரரிடம் ஒப்படைக்கும் வரை, அது எஃப்.சி.ஏ.

இந்தச் சொற்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அர்த்தம் இருந்த காலம் உண்டு. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை 1923ல் பதின்மூன்று நாடுகளில் ஆறு சொற்களை எடுத்து விசாரித்தபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. எஃப்.ஓ.பி.யையே எடுத்துக்கங்க. இங்கிலாந்தில் கப்பல் மேல் ஏற்றும் வரை என்று அர்த்தம். அமெரிக்காவில் எஃப்.ஓ.பி. தொழிற்சாலை என்றும் எழுதுவார்கள், கப்பலே அதில் கிடையாது. அதனால்தான் 1936ல் இன்கோடெர்ம்ஸ் என்று ஒரு பொது விளக்கம் போட்டார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு.

சித்தப்பாவின் இன்வாய்ஸில் இன்கோடெர்ம்ஸ் என்ற வார்த்தையும் இல்லை, வருஷமும் இல்லை. வெறும் ஃபிராங்கோ ஃபாப்ரிக்கா. கூடவே லாரிச் சீட்டில் போர்த்தோ ஃபிராங்கோ. ஒன்று கேட்டிலேயே முடிந்தது என்கிறது, இன்னொன்று லாரி வாடகையை நான் கட்டினேன் என்கிறது. இரண்டையும் சரியாக மொழிபெயர்த்தாலும் முரண்பாடு அப்படியே இருக்கும். அது மொழிபெயர்ப்பாளர் தீர்க்க வேண்டிய முரண்பாடு இல்லை, கேட்டுத் தெளிய வேண்டியது. அதனால்தான் சப்ளையரிடம் எழுதி வாங்கினோம். மெஷினை இறக்க வரும் லாரி வழியில் கவிழ்ந்திருந்தால், யார் நஷ்டம் என்கிற சண்டைக்கு இந்த இரண்டு சீட்டையும்தான் இரண்டு வக்கீல்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கியிருப்பார்கள்.

திரும்ப எழுதிய பேப்பர்

அன்றைக்கு ராத்திரி அக்கவுன்டன்டும் நானும் உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்ப எழுதினோம். வார்த்தைக்கு வார்த்தை எழுதவில்லை. ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்வி கேட்டோம். இந்த வரி பணம் யாருடையது என்று சொல்கிறதா? நஷ்டம் யாருடையது என்று சொல்கிறதா? சரக்கை யார் எடுக்கலாம் என்று சொல்கிறதா? ரேஸா சொல்வது முதல் இரண்டையும். போர்த்தோ சொல்வது முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அந்த லாரிப் பயணத்துக்கு மட்டும். பொலிட்ஸா தி காரிகோ சொல்வது மூன்றாவதை. காப்பீட்டைப் பற்றி எந்த வரியும் எதுவும் சொல்லவில்லை. அதை எழுதும்போதுதான் அக்கவுன்டன்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் இத்தாலிய மூல வார்த்தையை அப்படியே விட்டுவிட்டோம். நாளைக்குச் சண்டை வந்தால் செல்லுபடியாவது அதுதான், நம்ம மொழிபெயர்ப்பு இல்லை.

திங்கட்கிழமை காலையில் சித்தப்பா இன்சூரன்ஸ் எடுத்தார். கப்பல் நடுவழியில் இருப்பதால், இதுவரை எந்தச் சேதமும் தெரிய வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. அடுத்த ஆர்டருக்கு ஃபிராங்கோ வெட்டோரே, இடம் லிவோர்னோ, இன்கோடெர்ம்ஸ் 2020 என்று முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறார். எக்ஸ் வொர்க்ஸில் ஏற்றுமதி அனுமதி வாங்குவதும் வாங்குபவர் தலையில்தான். ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இத்தாலி சுங்கத்தில் போய் அதை எப்படிச் செய்வது? எஃப்.சி.ஏ.வில் அது விற்பவர் வேலை.

மெஷினை எடுக்கப் போன அன்று நானும் ராஜாஜி சாலை சுங்க அலுவலகம் வரை போயிருந்தேன். வெளியே டீ குடிக்கும்போது சித்தப்பா கேட்டார். "சுங்கத்துக்கு இத்தாலியில என்னடா பேரு?"

தோகானா என்றேன். அரபியில் திவான் என்கிற வார்த்தை, கணக்குப் பதிவேடு, அதை வைத்திருக்கும் ஆபீஸ். அதுதான் இத்தாலிக்குப் போய் தோகானா ஆனது. நம்ம ஊர் ராஜாக்கள் வைத்திருந்த திவானும் அதே வார்த்தைதான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இதையும் அவன் டிக்‌ஷனரியப் பாத்து எழுதியிருந்தா, திவான்கிட்ட பணம் கட்டணும்னு போட்டிருப்பான்."

"அது மட்டும் தப்பாயிருக்காது சித்தப்பா" என்றேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க வீட்டிலோ கடையிலோ புரியாத இறக்குமதிப் பேப்பர் இருந்தால், பெயர், தொகையை மறைத்துவிட்டு அனுப்புங்க. சேர்ந்து படிப்போம்.